கூட்டினால் சரி, விடை மட்டும் தப்பு: பாதி தூரம் யுடிஎல்லும் ஒரு பாயின்ட் லோடும் உள்ள பீமில் ரியாக்‌ஷன் பிழையைப் பிடிப்பது எப்படி

இரண்டு சப்போர்ட், ஒரு பீம், அதில் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் யுடிஎல், அதாவது சீராகப் பரவிய சுமை, கூடவே ஒரே இடத்தில் நிற்கும் ஒரு பாயின்ட் லோட். கணக்கு என்று பார்த்தால் நாலு வரிதான். ஆனால் இதில் வரும் தப்புகளில் பாதி, "கூட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது" என்ற நம்பிக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. அதனால் இங்கே பாடம் மாதிரி போகாமல், உங்கள் விடையில் என்ன கோளாறு தெரிகிறதோ அதிலிருந்து தொடங்கி, அதற்குக் காரணம் எங்கே இருக்கும் என்று தேடிப் போகலாம். எல்லாவற்றுக்கும் ஒரே பீமையே எடுத்துக்கொள்கிறேன், எண்கள் மாறிக்கொண்டே இருந்தால் ஒப்பிட முடியாது.

```
A |-- 1 m --|== 4 m, 15 kN/m ==|-- 3 m --|25 kN|-- 2 m --| B
```

மொத்த ஸ்பேன் 10 மீட்டர். இடது முனை A பின் சப்போர்ட், வலது முனை B ரோலர். இடது முனையிலிருந்து 1 மீட்டர் தள்ளி யுடிஎல் தொடங்குகிறது, 4 மீட்டர் நீளம் ஓடி 5-வது மீட்டரில் முடிகிறது. பாயின்ட் லோட் 8-வது மீட்டரில். எல்லாச் சுமையும் நேர் கீழாக.

சரியான விடையை முதலிலேயே போட்டுவிடுகிறேன். யுடிஎல்லின் மொத்தச் சுமை 15 × 4 = 60 கிலோநியூட்டன். ரியாக்‌ஷன் கணக்குக்கு மட்டும், அது முழுவதும் தன் நடுவில், அதாவது A-யிலிருந்து 1 + 2 = 3 மீட்டரில் நிற்பதாக எடுத்துக்கொள்ளலாம். A மேல்நோக்கித் தாங்கும் விசை RA, B தாங்கும் விசை RB, இவைதான் ரியாக்‌ஷன்கள். A-யைச் சுற்றி மொமென்ட் எடுத்தால் RA காணாமல் போய்விடும், RB மட்டும் மிஞ்சும்.

```
RB × 10 = 60 × 3 + 25 × 8 = 180 + 200 = 380
RB = 38 kN
RA = (60 + 25) − 38 = 47 kN
```

யுடிஎல் இடது பக்கமாக இருக்கிறது, அதுதான் பெரிய சுமையும்கூட, அதனால் இடது சப்போர்ட் அதிகம் தாங்குகிறது. பாயின்ட் லோட் வலது பக்கம் இருப்பதால் வித்தியாசம் ரொம்பப் பெரிதாகவும் இல்லை. எண் போடும் முன்பே இந்த அளவுக்கு யூகித்து வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் கோளாறுகளில் சிலவற்றைப் பார்த்தவுடனே சந்தேகப்படலாம்.

## கோளாறு: RA + RB மொத்தச் சுமைக்குச் சமமாக வருகிறது, ஆனால் விடை பொருந்தவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

உங்களுக்கு RB = 32, RA = 53 என்று வந்திருக்கிறது என்று வையுங்கள். கூட்டினால் 85. சுமையும் 85. டிக் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போகத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள், RA-வை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? 85-இலிருந்து RB-யைக் கழித்துத்தானே? கழித்த எண்ணையே மறுபடி கூட்டினால் 85 வராமல் வேறென்ன வரும்? RB-க்கு 7 என்று வந்திருந்தாலும், 70 என்று வந்திருந்தாலும் இந்தச் சோதனை தேறிவிடும். கழித்தலில் கைத்தவறு இருந்தால் அதை மட்டும் காட்டிக்கொடுக்கும், மொமென்ட் சமன்பாட்டில் உள்ள தூரம் தப்பு என்றால் வாயே திறக்காது.

ஆக, கூட்டுத்தொகை சரியாக இருந்து விடை தப்பாக இருந்தால், சுமையின் அளவு அநேகமாகச் சரி, ஏதோ ஒரு தூரம்தான் தப்பு. எந்தத் தூரம் என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. புத்தகத்தில் விடை இருக்கிறது என்றால், உங்கள் RB-க்கும் அந்த RB-க்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து ஸ்பேனால் பெருக்குங்கள். அது மொமென்ட்டில் எவ்வளவு தப்பினீர்கள் என்று சொல்லும். அதைப் பிறகு ஒவ்வொரு சுமையாலும் வகுத்துப் பாருங்கள். வரும் எண்களில் ஒன்று படத்தில் இருக்கும் ஏதாவது ஒரு தூரமாகவோ இரண்டு தூரங்களின் வித்தியாசமாகவோ இருக்கும். அங்கேதான் தப்பு.

நம் எடுத்துக்காட்டில் 38 − 32 = 6. ஸ்பேனால் பெருக்கினால் 60 கிலோநியூட்டன்-மீட்டர். பாயின்ட் லோடால் வகுத்தால் 2.4 மீட்டர், படத்தில் அப்படி ஒரு தூரமே இல்லை. யுடிஎல்லின் 60-ஆல் வகுத்தால் 1 மீட்டர். அதுதான் யுடிஎல் தொடங்கும் முன் உள்ள இடைவெளி! அதாவது யுடிஎல்லின் நடுப்புள்ளியை 3 மீட்டரில் வைக்காமல் 2 மீட்டரில் வைத்திருக்கிறீர்கள். "யுடிஎல்லின் நீளத்தில் பாதி" என்பது மனதில் பதிந்திருக்கிறது, அந்தப் பாதி எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பது நழுவிவிட்டது.

இதே 32 இன்னொரு வழியிலும் வரும். `wa²/2` என்ற சூத்திரத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் 15 × 4² / 2 = 120 என்று எழுதி, அதையே A-யைச் சுற்றிய மொமென்ட் என்று போட்டுவிடுவார்கள். அந்தச் சூத்திரம் யுடிஎல் சரியாக நாம் மொமென்ட் எடுக்கும் புள்ளியிலிருந்தே தொடங்கினால்தான் செல்லும். இங்கே 1 மீட்டர் தள்ளித் தொடங்குகிறது. என்னைக் கேட்டால், இந்த வகைக் கணக்கில் அந்தச் சூத்திரத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது, மொத்தச் சுமை ஒரு வரி, நடுப்புள்ளி வரை உள்ள தூரம் ஒரு வரி என்று தனித்தனியாக எழுதினால் தப்பு கண்ணில் படும்.

RB = 50, RA = 35 என்று வந்தால்? வித்தியாசம் 12, மொமென்ட்டில் 120, யுடிஎல்லால் வகுத்தால் 2 மீட்டர். 3-க்குப் பதில் 5. அதாவது யுடிஎல்லின் நடு என்பதற்குப் பதில் பீமின் நடுவையே எடுத்துவிட்டீர்கள். முழு நீளத்துக்கும் யுடிஎல் இருக்கும் கணக்குகளையே நிறையப் போட்டுவிட்டு இதற்கு வருபவர்களிடம் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டு வரும். தவிர, இங்கே கனமான சுமை இடது பக்கம் இருக்கும்போது வலது சப்போர்ட் அதிகம் தாங்குவதாக வந்திருக்கிறதே, முதலில் யூகித்து வைத்ததோடு இடிக்கிறது பாருங்கள்.

RB = 25.5 என்றால் வித்தியாசம் 12.5, மொமென்ட்டில் 125. யுடிஎல்லால் வகுத்தால் இரண்டேகால்கூட இல்லை, 2.08 என்று ஒரு ஒட்டாத எண். பாயின்ட் லோடால் வகுத்தால் கச்சிதமாக 5 மீட்டர். 8-க்குப் பதிலாக 3. படத்தில் தூரங்கள் சங்கிலியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன அல்லவா, 1, 4, 3, 2 என்று? பாயின்ட் லோடுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் 3 மீட்டர் யுடிஎல் முடியும் இடத்திலிருந்து அளந்தது, A-யிலிருந்து அல்ல. அதை அப்படியே எடுத்துப் பெருக்கிவிட்டீர்கள். RB = 23 என்று வந்தால் தப்பு 6 மீட்டர், அதாவது 8-க்குப் பதில் 2, பாயின்ட் லோடின் தூரத்தை மட்டும் B-யிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். இதைத் தவிர்க்க ஒரே ஒரு வேலை போதும். கணக்கைத் தொடங்கும் முன், படத்துக்குக் கீழே A-யிலிருந்து தொடங்கி ஒவ்வொரு முக்கியமான இடத்துக்கும் உள்ள தூரத்தை 0, 1, 5, 8, 10 என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சங்கிலி எண்களை அதன் பிறகு பார்க்கவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு தப்பு சேர்ந்து வந்திருந்தால் இந்த வகுத்தல் வித்தை குழப்பும். வகுத்து வந்த எண் எதுவுமே படத்தில் பொருந்தவில்லை என்றால் இரண்டு இடத்தில் பிழை இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு முதலிலிருந்து எழுதுவதுதான் சீக்கிரம் முடியும்.

## கோளாறு: A-யைச் சுற்றியும் போட்டேன், B-யைச் சுற்றியும் போட்டேன், இரண்டும் ஒத்துப்போகிறது, அப்படியும் தப்பு

விடை தெரியாத கணக்கில் எல்லோரும் சொல்லும் அறிவுரை இது: RB-யை A-யைச் சுற்றி எடு, RA-வைக் கழித்துக் கண்டுபிடிக்காமல் B-யைச் சுற்றித் தனியாக எடு, கடைசியில் கூட்டிப் பார். நல்ல அறிவுரைதான். RA தனியாக வந்தால் கூட்டல் இப்போது உண்மையான சோதனை ஆகிறது. நம் பீமில் அது இப்படி வரும்.

```
RA × 10 = 60 × 7 + 25 × 2 = 420 + 50 = 470
RA = 47 kN,  47 + 38 = 85
```

ஆனால் இந்தச் சோதனையையும் கண்ணைக் கட்டிவிட முடியும், அதுவும் நமக்குத் தெரியாமலே. யுடிஎல்லின் நடு A-யிலிருந்து 2 மீட்டர் என்று தப்பாக எடுத்தவர், B-யிலிருந்து எவ்வளவு என்று கேட்டால் 10 − 2 = 8 என்று கழித்து எழுதுவார். அப்புறம் 60 × 8 + 50 = 530, RA = 53. இதை 32-உடன் கூட்டினால் 85. கச்சிதம்! ஒரே தப்பான நடுப்புள்ளியை இரண்டு பக்கமிருந்தும் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். சுமை தப்பான இடத்தில் நிற்கிற வேறொரு பீமுக்குச் சரியான விடை அது, நம் பீமுக்கு இல்லை.

அதனால் இரண்டாவது தடவை போடும்போது ஸ்பேனிலிருந்து கழித்துத் தூரம் எடுக்கக் கூடாது. வலது முனையிலிருந்து புதிதாக நடந்து வாருங்கள்: B-யிலிருந்து பாயின்ட் லோட் 2, அங்கிருந்து யுடிஎல்லின் முடிவு 3, அங்கிருந்து அதன் நடு இன்னும் 2, ஆக 7. இப்போது A பக்கத்தில் 2 என்று தப்பாக எடுத்திருந்தாலும் B பக்கத்தில் 7 வந்துவிடும், RA = 47, RB = 32, கூட்டினால் 79. சுமை 85, இடைவெளி 6. அந்த 6-ஐ ஸ்பேனால் பெருக்கி 60, யுடிஎல்லால் வகுத்து 1 மீட்டர். விடைத்தாள் இல்லாமலே அதே இடத்துக்கு வந்துவிட்டோம். கூட்டுத்தொகை சுமையைவிடக் குறைந்தால் எங்கோ ஒரு தூரத்தைக் குறைத்து எடுத்திருக்கிறீர்கள், கூடினால் கூட்டி எடுத்திருக்கிறீர்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. சப்போர்ட்டை விட்டுவிட்டு, யுடிஎல் தொடங்கும் இடத்தைச் சுற்றி மொமென்ட் எடுப்பது. அங்கிருந்து பார்த்தால் யுடிஎல்லின் நடு, அதன் நீளத்தில் பாதி தூரத்திலேயே இருக்கிறது, எதையும் கூட்ட வேண்டியதில்லை. அதாவது "நீளத்தில் பாதி" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதும் கெட்ட பழக்கம், இந்தப் புள்ளியில் சரியான விடையைத் தருகிறது. பழக்கமே பழக்கத்தைக் காட்டிக்கொடுக்கும்.

```
RA × 1 + 60 × 2 + 25 × 7 = RB × 9
47 + 120 + 175 = 342
38 × 9 = 342
```

இரண்டு பக்கமும் 342. RA மேல்நோக்கி, புள்ளிக்கு இடது பக்கம் இருக்கிறது, அதனால் அதுவும் சுமைகளோடு சேர்ந்து வலஞ்சுழியாகவே திருப்புகிறது, RB மட்டும்தான் எதிர்த்திசை. தப்பான 53, 32 ஜோடியைப் போட்டுப் பாருங்கள். இடது பக்கம் 348, வலது பக்கம் 288. பட்டென்று தெரிந்துவிடும்.

யுடிஎல்லின் நடுவையே புள்ளியாக எடுத்தால் யுடிஎல் சமன்பாட்டிலிருந்து மறைந்துவிடும், சுலபமாக இருக்கும் என்று சிலர் செய்வார்கள். கணக்காகத் தப்பில்லை. ஆனால் சந்தேகமே அந்த நடுப்புள்ளியைப் பற்றித்தான் எனும்போது, அதையே நம்பி நின்றுகொண்டு சோதிப்பதில் பயன் இல்லை.

## கோளாறு: ஒரு ரியாக்‌ஷன் கிட்டத்தட்டச் சரி, இன்னொன்று ரொம்ப விலகிப் போகிறது

RB = 38.75, RA = 61.25 என்று வந்திருக்கிறது. RB-யைப் பார்த்தால் "தசமத்தில் ஏதோ பிசகு" என்றுதான் தோன்றும். RA-வைப் பார்த்தால் 14.25 அதிகம். இரண்டையும் கூட்டினால் 100.

இங்கே கூட்டுத்தொகையே தப்பு, ஆக சுமையின் அளவு தப்பு. 85-க்குப் பதில் 100, கூடுதலாக 15 கிலோநியூட்டன். நம் யுடிஎல்லில் 15 என்பது சரியாக ஒரு மீட்டர் நீளத்தின் சுமை. யுடிஎல் 5-வது மீட்டரில் முடிகிறது என்பதைப் பார்த்து, நீளமே 5 மீட்டர் என்று எடுத்து, A-யிலிருந்தே அது தொடங்குவதாக 75 கிலோநியூட்டனை 2.5 மீட்டரில் வைத்திருக்கிறீர்கள். அந்தக் கூடுதல் 15 கிலோநியூட்டன் A-க்கு மிக அருகில், 0.5 மீட்டரில்தான் நிற்கிறது, அதனால் B-க்கு அதில் போவது 15 × 0.5 / 10 = 0.75 மட்டும். மீதி 14.25 முழுவதும் A-யின் தலையில். ஒரு ரியாக்‌ஷன் லேசாகவும் இன்னொன்று பலமாகவும் விலகினால், கூடவோ குறையவோ வந்த சுமை, பலமாக விலகிய சப்போர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

இந்தத் தப்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சுமையைத் தப்பாகப் படித்துவிட்டால், மொமென்ட்டை A-யைச் சுற்றி எடுத்தாலும் B-யைச் சுற்றி எடுத்தாலும் உங்கள் 100 கிலோநியூட்டனுக்கு எல்லாம் ஒத்துப்போகும். சமநிலைச் சமன்பாடுகளுக்கு உங்கள் படம் என்ன என்று தெரியாது, நீங்கள் கொடுத்த சுமைதான் தெரியும். அதனால் மொத்தச் சுமையை மட்டும் படத்தைப் பார்த்து மறுபடி எண்ண வேண்டும்: தொடங்கும் இடம் எது, முடியும் இடம் எது, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு.

இரண்டு ரியாக்‌ஷனும் சேர்ந்து இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக, RA 80-ம் RB 95-ம் என்று வந்தால் 15-ஐ முழு 10 மீட்டருக்கும் பெருக்கிவிட்டீர்கள். ரொம்பச் சிறிதாக, 15.5-ம் 24.5-ம் என்று வந்தால் பெருக்கவே இல்லை, மீட்டருக்கு 15 என்பதையே மொத்தச் சுமையாக எடுத்துவிட்டீர்கள். RB = 24.5, RA = 60.5 என்று வந்தால் கூட்டுத்தொகை 85 சரியாகவே நிற்கும், ஏனென்றால் கூட்டும்போது பெருக்கியிருக்கிறீர்கள், மொமென்ட்டில் பெருக்க மறந்துவிட்டீர்கள். இந்தக் கடைசி வகை முதல் கோளாறு போலவே வேஷம் போடும். வித்தியாசம் 13.5, மொமென்ட்டில் 135, எந்தச் சுமையால் வகுத்தாலும் படத்தில் உள்ள தூரம் வராது. ஆனால் 180 இருக்க வேண்டிய இடத்தில் 45 இருக்கிறது, சரியாக நாலில் ஒரு பங்கு, யுடிஎல்லின் நீளமும் 4. அலகு எழுதிப் பழகினால் இது நடக்காது, மீட்டருக்குக் கிலோநியூட்டனை மீட்டரால் பெருக்கினால் மொமென்ட்டின் அலகு வராதே.

## கோளாறு: எண்கள் சரி, ஆனால் இடம் மாறி இருக்கின்றன

RA = 38, RB = 47. கிட்டத்தட்ட எப்போதும் ஒரே காரணம்தான். தூரங்களை எல்லாம் A-யிலிருந்து அளந்துவிட்டு, வந்த எண்ணுக்கு RA என்று பெயர் வைத்துவிட்டீர்கள். A-யைச் சுற்றி எடுக்கும் மொமென்ட்டில் RA-வின் தூரம் பூஜ்யம், அது சமன்பாட்டிலேயே இல்லை, ஆக வெளியே வருவது RB-யாகத்தான் இருக்க முடியும். சமன்பாட்டின் முதல் வார்த்தையாக `RB × 10` என்று எழுதிவிட்டு மற்றதைத் தொடங்குங்கள், போதும்.

## கோளாறு: மைனஸ் வருகிறது

எல்லாச் சுமையும் கீழ்நோக்கி, எல்லாமே இரண்டு சப்போர்ட்டுக்கு நடுவில் என்றால் எந்த ரியாக்‌ஷனும் மைனஸில் வர வழியே இல்லை, மொத்தச் சுமையைவிடப் பெரிதாகவும் வராது. வந்தால் குறியில் பிழை. எந்தக் குறி என்பதை எண்ணே சொல்லும்.

−38 என்று வந்தால் அளவு சரி, RB-யைச் சமன்பாட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தும்போது குறி மாற்ற மறந்துவிட்டீர்கள். −2 என்று வந்தால் 180 − 200 என்று போட்டிருக்கிறீர்கள், இரண்டு சுமைகளும் A-யின் ஒரே பக்கத்தில் இருந்து ஒரே திசையில்தான் திருப்புகின்றன, அவற்றைக் கழிக்கக் கூடாது. இதே பிழையைத் தலைகீழாக, 200 − 180 என்று போட்டால் RB = +2 வரும், RA = 83. இங்கே மைனஸ் இல்லை, அதனால் சந்தேகமும் வராது, ஆனால் B-க்கு 2 மீட்டர் தள்ளி 25 கிலோநியூட்டன் நிற்கிறது, அதில் பெரும்பங்கு, 20 கிலோநியூட்டன், B-க்குத்தான் போகும். மொத்தமே 2 என்றால் நம்ப முடியுமா?

பீம் சப்போர்ட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்து அந்த நீட்டலில் சுமை இருந்தால் மைனஸ் ரியாக்‌ஷன் உண்மையாகவே வரலாம், மைனஸ் வந்த சப்போர்ட்டில் பீம் மேலே எழப் பார்க்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட படத்தில் மைனஸைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

## கோளாறு: ரியாக்‌ஷன் சரி, ஆனால் அதை வைத்து வரைந்த படம் கெட்டுப்போகிறது

47-ம் 38-ம் சரியாக எடுத்துவிட்டு, அடுத்து பெண்டிங் மொமென்ட் படம் வரைந்தால் உச்சம் 141 என்று வருகிறது, சரியான விடையோ 120.63. ரியாக்‌ஷனில் தப்பு தேடாதீர்கள், இல்லாத தப்பைத் தேடி நேரம்தான் போகும்.

யுடிஎல்லை 60 கிலோநியூட்டன் ஒற்றைச் சுமையாக மாற்றியது ரியாக்‌ஷன் கண்டுபிடிக்க மட்டும். அந்த வேலை முடிந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழையபடி 4 மீட்டருக்குப் பரவிய சுமையாகவே பார்க்க வேண்டும். பீமை நடுவில் வெட்டிப் பார்க்கும்போது, வெட்டிய இடம் யுடிஎல்லுக்குள் விழுந்தால், வெட்டுக்கு இடது பக்கம் உள்ள பங்கு மட்டும்தான் கணக்கில் வரும். 3-வது மீட்டரில் வெட்டினால் இடது பக்கம் 2 மீட்டர் சுமை, 30 கிலோநியூட்டன், அது வெட்டிலிருந்து 1 மீட்டரில். ஆக அங்கே மொமென்ட் 47 × 3 − 30 × 1 = 111. ஒற்றைச் சுமையாக வைத்திருந்தால் அதே இடத்தில் 141 வரும், கீழே இழுக்கும் 30 கிலோநியூட்டன் காணாமல் போய்விட்டது.

உச்சம் வரும் இடம் ஷியர் போர்ஸ் பூஜ்யமாகும் இடம். 47-இலிருந்து மீட்டருக்கு 15 வீதம் குறைந்துகொண்டே வருவதால், யுடிஎல் தொடங்கி 47/15 = 3.133 மீட்டரில், அதாவது A-யிலிருந்து 4.133 மீட்டரில் பூஜ்யம்.

```
M = 47 × 4.133 − 15 × 3.133² / 2 = 120.63 kN·m
```

ஷியர் போர்ஸ் படம் ரியாக்‌ஷனுக்கும் ஒரு சோதனைதான். 47-இல் தொடங்கி, யுடிஎல் முடிவில் −13, பாயின்ட் லோடைத் தாண்டியதும் −38, B-யில் 38 மேலே ஏறிப் பூஜ்யத்தில் மூட வேண்டும். மூடவில்லை என்றால் RA + RB மொத்தச் சுமைக்குச் சமம் இல்லை. ஆனால் மூடிவிட்டது என்பதால் தூரம் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள், 53-ம் 32-ம் கூட அழகாக மூடும். பெண்டிங் மொமென்ட்டை இடமிருந்து நகர்ந்து நகர்ந்து கணக்கிட்டு, B-யில் அது பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பார்த்தால்தான் அந்த ஜோடி மாட்டும்: 53 × 10 − 60 × 7 − 25 × 2 = 60 என்று மிஞ்சி நிற்கும். அதே 60.

## கோளாறு: சாப்ட்வேரில் இரண்டு ரியாக்‌ஷனுமே ஒரே அளவு கூடுதலாக வருகிறது

கையால் 47, 38. சாப்ட்வேரில் 49.5, 40.5. இரண்டிலும் 2.5 கூடுதல். கூடுதல் சுமை இரண்டு சப்போர்ட்டுக்கும் சமமாகப் பிரிகிறது என்றால் அது நடுவைச் சுற்றிச் சீராகப் பரவிய சுமை, அதாவது பீமின் சொந்த எடை. மொத்தம் 5 கிலோநியூட்டனை 10 மீட்டரால் வகுத்தால் மீட்டருக்கு 0.5. நீங்கள் தேர்ந்தெடுத்த குறுக்குவெட்டின் எடை அதுதானா என்று பார்த்துவிட்டு, சொந்த எடையைச் சேர்க்கும் அமைப்பை அணைத்து மறுபடி ஓட்டினால் கை விடை வந்துவிடும். எது வேண்டும் என்பது கேள்வியைப் பொறுத்தது, பயிற்சிக் கணக்கில் எடை சொல்லப்படவில்லை என்றால் சேர்க்க மாட்டார்கள், உண்மையான பீமை வடிவமைக்கும்போது விடவே கூடாது.

பீமின் கனத்தையோ பொருளையோ மாற்றியதால் (எடை அணைந்திருக்கும்போதும்) ரியாக்‌ஷன் மாறுகிறது என்றால் அது வேறு விஷயம். இரண்டு சப்போர்ட் மட்டும் உள்ள இந்த வகைப் பீமில் ரியாக்‌ஷன் சுமையையும் தூரத்தையும் மட்டுமே பொறுத்தது, விறைப்புக்கு அதில் இடமே இல்லை. மாறுகிறது என்றால் மாடலில் நடுவில் தெரியாமல் மூன்றாவது சப்போர்ட் விழுந்திருக்கிறதா, அல்லது முனை ஒன்றைச் சுழல முடியாதபடி இறுக்கிவிட்டீர்களா என்று பாருங்கள். முனையை இறுக்கியிருந்தால் அங்கே ஒரு மொமென்ட்டும் ரியாக்‌ஷன் பட்டியலில் தெரியும்.